இந்தப் படத்தை எடுத்தவர் யார்?

2017ஆம் ஆண்டு இரண்டு அரசுகள் ஒரே பள்ளத்தில் விழுந்தன. முதலில் விழுந்தது இந்தியா. உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கையில், நம் நாட்டு எல்லையோரம் ஃப்ளட்லைட் போட்டிருப்பதைக் காட்டும் படம் ஒன்று அச்சாகியிருந்தது. இருட்டில் வேலியும் விளக்கு வரிசையும் வளைந்து வளைந்து போகும் அழகான படம். அது இந்திய எல்லையே அல்ல என்பதை ஜூன் மாதம் ‘ஆல்ட் நியூஸ்’ தளத்தினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வட ஆப்பிரிக்காவில் ஸ்பெயினுக்குச் சொந்தமாக செயூட்டா என்றொரு நகரம் இருக்கிறது. அதற்கும் மொராக்கோவுக்கும் நடுவே உள்ள எல்லையை, ஹவியேர் மொயானோ என்ற ஸ்பெயின் புகைப்படக்காரர் 2006இல் எடுத்த படம் அது.

செப்டம்பரில் பாகிஸ்தானின் முறை வந்தது. ஐ.நா. பொதுச்சபையில் பேசிய அந்நாட்டுத் தூதர் மலீஹா லோதி, முகமெல்லாம் காயத்தோடு இருக்கும் ஒரு சிறுமியின் படத்தை உயர்த்திக் காட்டி, காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கியால் வந்த காயம் இது என்றார். சிறிது நேரத்திலேயே படத்தின் பூர்வீகம் வெளிவந்துவிட்டது. காஸாவில் 2014இல் ஹெய்டி லெவீன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த படம் அது.

இரண்டு படங்களிலும் ஒட்டுவேலை எதுவும் இல்லை. விளக்குகள் உண்மை, காயமும் உண்மை. கூடவே வந்த வாசகம் மட்டும்தான் பொய். அதனால் படத்தைப் பெரிதாக்கி நிழல் சரியாக விழுகிறதா, விரல்கள் ஐந்து இருக்கின்றனவா என்று மணிக்கணக்கில் பார்த்தாலும் தவறு பிடிபடாது. நமக்கு வந்து சேரும் ஏமாற்றுப் படங்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான்: எங்கோ, எப்போதோ எடுத்த அசல் படம், இன்றைக்கு எழுதிய தலைப்பு. இதைப் பிடிக்க ஒரே வழி, படத்தின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் போவது. எழுத்தைத் தட்டித் தேடுவதற்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடும் வசதி இதற்கென்றே இருக்கிறது. கைபேசி உள்ள எவரும் காசில்லாமல் செய்யலாம். ஆனால் தேடுவதைவிட, தேடி வந்ததைப் படித்தறிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நேபாளத்துக்குப் போன வியட்நாம் குழந்தைகள்

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அடுத்த சில நாட்களில் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் ஒரு படம் பரவியது. அழும் சின்னஞ்சிறு பெண் குழந்தையை, அவளைவிடச் சற்றே பெரிய சிறுவன் கட்டியணைத்துக்கொண்டிருக்கிறான். அவன் முகத்திலும் பயம். ‘நேபாளத்தில் இரண்டு வயதுத் தங்கையைக் காக்கும் நான்கு வயது அண்ணன்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு. பார்த்தவர்கள் கலங்கினார்கள், பகிர்ந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவர் நா சோன் நுயென் என்ற வியட்நாம் புகைப்படக்காரர். எடுத்த இடம் வியட்நாமின் வட கோடியில் அப்போதைய ஹா ஜியாங் மாகாணத்தில் இருந்த கான் தி என்ற மலைக்கிராமம். எடுத்த காலம் 2007 அக்டோபர், அதாவது நிலநடுக்கத்துக்கு ஏழரை ஆண்டுகள் முன்பு. பெற்றோர் வயல் வேலைக்குப் போயிருக்க, ஹ்மோங் இனத்தைச் சேர்ந்த அந்தக் குழந்தைகள் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் வந்து நின்றதும் சின்னவள் அழ, பெரியவன் அவளை அணைத்துச் சமாதானம் செய்திருக்கிறான். நடந்தது அவ்வளவுதான். நிலநடுக்கம் இல்லை, சாவு இல்லை, அநாதைக் குழந்தைகளும் இல்லை.

நுயென் இந்த விவரத்தை பிபிசியிடம் சொன்னபோது இன்னொன்றும் சொன்னார். படத்தை அவர் தன்னுடைய வலைப்பூவில் போட்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வியட்நாமியர்களே அதை ‘கைவிடப்பட்ட அநாதைகள்’ என்று கதை கட்டிப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பிறகு அதே குழந்தைகள் பர்மாவின் அநாதைகளாகவும், சிரியா உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்டவர்களாகவும் வலம் வந்தார்கள். நேபாளம் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ஊர்.

இந்த நிகழ்வு நமக்குக் கற்றுத்தரும் பாடம் சாதாரணமானதல்ல. ஏப்ரல் கடைசியில் ஒருவர் சந்தேகப்பட்டு இந்தப் படத்தைத் தேடிப் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2015க்கு முந்தைய பக்கம் ஒன்று அகப்படுகிறது. அதில் ‘சிரியப் போரின் குழந்தைகள்’ என்று எழுதியிருக்கிறது. அவர் என்ன செய்வார்? ‘கண்டுபிடித்துவிட்டேன், இது நேபாளம் இல்லை, சிரியா’ என்று குழுவில் போடுவார். ஒரு பொய்யைத் திருத்தப் போய் இன்னொரு பொய்யைப் பரப்பியிருப்பார். அவர் சொன்னதில் பாதி சரி: படம் பழையது, நேபாளத்தில் எடுத்ததல்ல. மீதிப் பாதி தவறு. பழைய பிரதி ஒன்று கிடைத்ததை மூலம் கிடைத்ததாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது.

ஆகவே தேடுபவர் போய்ச் சேர வேண்டிய இடம், ‘இந்தப் படத்தை நான் எடுத்தேன், இந்த நாளில், இந்த இடத்தில்’ என்று பொறுப்பேற்கும் ஒரு மனிதர் அல்லது ஒரு நிறுவனம். புகைப்படக்காரரின் சொந்தப் பக்கமாக இருக்கலாம். ஏ.பி., ஏ.எஃப்.பி., ராய்ட்டர்ஸ், கெட்டி போன்றவற்றின் படக் களஞ்சியமாக இருக்கலாம். அங்கே படத்தின் கீழ் எடுத்தவர் பெயர், தேதி, ஊர், என்ன நிகழ்கிறது என்ற விளக்கம் எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தை அடையும்வரை கையில் உள்ளவை எல்லாம் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான்.

தேடும் முறை

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை முதலில் கேலரியில் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் கோப்புப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் `IMG-20240112-WA0005` என்பது போல் இருந்தால், அந்த எண்கள் படம் உங்கள் கைபேசிக்கு வந்த நாளைச் சொல்கின்றன. எடுத்த நாளை அல்ல. கேமரா ஒரு படத்தை எடுக்கும்போது தேதி, நேரம், சில சமயம் இடம் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அளவு சுருங்கி, அந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. கோப்பைத் திறந்து தேதி பார்க்கும் குறுக்குவழி அதனால் அநேகமாகப் பலிக்காது.

அடுத்து படத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே ஒட்டிய சிவப்பு வட்டம், அம்புக்குறி, ‘அதிர்ச்சி! அனைவருக்கும் பகிருங்கள்’ என்ற பட்டை, தொலைக்காட்சிச் சேனலின் கீழ்க்கோடு ஆகியவற்றை எடிட் வசதியில் வெட்டி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று படங்களை ஒட்டிய தொகுப்பு என்றால் தனித்தனியாக வெட்டி ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தேடுபொறி படத்துக்குப் பதிலாக எழுத்தையோ பட்டையின் நிறத்தையோ பிடித்துக்கொண்டு எங்கோ போய்விடும்.

இனி கூகுள் செயலியைத் திறந்து, தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கேமரா குறியைத் தொட்டு, கேலரியிலிருந்து படத்தைக் கொடுங்கள். இதுதான் கூகுள் லென்ஸ். கணினியில் என்றால் கூகுள் இமேஜஸ் பக்கத்தில் அதே கேமரா குறி இருக்கும். லென்ஸ் முதலில் காட்டுவது பெரும்பாலும் ‘இதைப் போன்ற’ படங்கள். குழந்தையைக் கொடுத்தால் வேறு நூறு குழந்தைகள் வரும். சேலை கட்டிய பெண்ணைக் கொடுத்தால் சேலை விற்கும் கடைகள் வரும். அவற்றைக் கண்டு மலைக்க வேண்டாம். நமக்கு வேண்டியது இதே படம். அதற்கு `Exact matches` என்ற பகுதியைத் தொட வேண்டும். இதே படம் எந்தெந்தப் பக்கங்களில் வந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும்.

கூகுளோடு நிறுத்திவிடாமல் `tineye.com` என்ற தளத்திலும் அதே படத்தை ஏற்றிப் பாருங்கள். கனடாவின் டொரன்டோ நகரத்து நிறுவனம் ஒன்று 2008இல் தொடங்கியது இது. கூகுள் இந்த வசதியைக் கொண்டுவந்தது 2011இல்தான். இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. லென்ஸ் படத்தில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்த்து அது போன்றவற்றைக் காட்டும். டின்ஐ அப்படிச் செய்யாது. ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போல ஓர் எண் அடையாளம் உண்டாக்கி, அதே அடையாளம் உள்ள படத்தை மட்டும் தேடும். அளவு மாறினாலும், கொஞ்சம் வெட்டியிருந்தாலும், நிறம் மங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். முகத்தை வைத்து ஆளைத் தேடாது. அதன் சேமிப்பு கூகுளைவிடச் சிறியதுதான். ஆனால் பழையது முதலில் வரும்படி அடுக்க `Oldest`, பெரியது முதலில் வரும்படி அடுக்க `Biggest image` என்று இரண்டு வசதிகள் அங்கே உண்டு. மூலத்தைத் தேடுவோருக்கு இவை வரம். இந்த இரண்டிலும் சிக்காத படம் ரஷ்யாவின் யாண்டெக்ஸிலோ மைக்ரோசாஃப்டின் பிங்கிலோ சிக்குவதும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. இந்தத் தளங்களில் ஏற்றும் படம் உங்கள் கையைவிட்டு வெளியே போகிறது. குடும்பப் படம், யாரோ ஒருவரின் மருத்துவ அறிக்கை, அந்தரங்கமான படம் போன்றவற்றை ஏற்றாதீர்கள்.

பட்டியலைப் படிப்பது எப்படி?

தேடலின் முடிவில் இருபது முப்பது பக்கங்கள் வரிசையாக நிற்கும். மேலே இருப்பதைத் திறந்து படித்துவிட்டு முடிவுக்கு வருவது பலரும் செய்யும் பிழை. மேலே நிற்பது அதிகம் பேர் பார்க்கும் பக்கமாக இருக்கும். முதலில் வெளியிட்ட பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

முதலில் தேதியைப் பாருங்கள். நிகழ்ச்சி நடந்த நாளுக்கு ஒரு நாள் முன்பாவது இந்தப் படம் இணையத்தில் இருந்தது உறுதியானால், வாசகம் பொய் என்று அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் தேதியிலும் கண்ணி இருக்கிறது. 2012ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றின் பக்கவாட்டில் ‘இன்று அதிகம் படிக்கப்பட்டவை’ என்ற பெட்டி இருக்கும். அதில் நேற்றைய படம் ஓடிக்கொண்டிருக்கும். தேடுபொறி அதை 2012 பக்கத்தில் உள்ள படம் என்றே காட்டும். பழைய கட்டுரைக்குள் பிற்பாடு புதிய படத்தை மாற்றி வைப்பவர்களும் உண்டு. எனவே பட்டியலில் தெரியும் தேதியை நம்பாமல், பக்கத்தைத் திறந்து, படம் அந்தச் செய்தியின் உள்ளேயே இருக்கிறதா, செய்தி அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். டின்ஐ காட்டும் தேதி அதன் தேடுபொறி அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த தேதி. படம் அதற்கு முன்பே வெளியாகியிருக்கலாம். ஆகவே ‘இந்தத் தேதிக்குப் பிந்தியதல்ல’ என்று சொல்ல அது உதவும். ‘இந்தத் தேதியில்தான் எடுத்தது’ என்று சொல்ல உதவாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அளவு. கைமாறக் கைமாறப் படம் சுருங்கும், ஓரங்கள் வெட்டுப்படும். ஆகவே பெரிய அளவில், ஓரங்களில் கூடுதல் காட்சியோடு இருக்கும் பிரதி மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். வெட்டிய ஓரத்தில்தான் பல சமயம் உண்மை ஒளிந்திருக்கும். கடைப் பெயர்ப்பலகை, வண்டியின் நம்பர் பிளேட், போலீஸ்காரரின் சீருடை, மூலையில் புகைப்படக்காரரின் பெயர் என்று ஏதாவது ஒன்று ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, பெயர். ஏதாவது ஒரு பிரதியின் கீழ் புகைப்படக்காரர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருந்தால், படத்தைத் தேடுவதை அங்கே நிறுத்திவிட்டுப் பெயரைத் தேடத் தொடங்குங்கள். நா சோன் நுயென் என்ற பெயர் கிடைத்துவிட்டால் மீதி வேலை சுலபம். பெயர் கிடைக்காவிட்டால், படத்தில் உள்ளதைச் சில சொற்களில் எழுதி, நிகழ்ச்சிக்கு முந்தைய பக்கங்களை மட்டும் கேட்டுப் பார்க்கலாம். கூகுளில் இப்படி:

```
brother hugging little sister photo before:2015-04-25
```

`before:` என்பதற்குப் பின்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வர வேண்டும். நடுவில் இடைவெளி கூடாது. அந்தத் தேதிக்கு முந்தையவை என்று கூகுள் கணிக்கும் பக்கங்கள் மட்டும் வரும். நிகழ்ச்சிக்குப் பிறகு குவிந்த ஆயிரக்கணக்கான பகிர்வுகள் ஒதுங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, எந்த நாட்டுப் படம் என்று சந்தேகமோ அந்த நாட்டு மொழியிலும் மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு கேட்டுப் பாருங்கள். வியட்நாமியரின் வலைப்பூ வியட்நாமிய மொழியில்தான் இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அது அகப்படாமல் போகலாம்.

ஒட்டுப்போட்ட படம்

அசல் படத்துக்குப் பொய்த் தலைப்பு வைப்பது ஒரு வகை என்றால், இரண்டு படங்களை வெட்டி ஒட்டுவது இன்னொரு வகை. இதில் தேடும் முறை சற்று மாறும்.

அமெரிக்காவில் பெரும்புயல் அடிக்கும்போதெல்லாம் ஒரு சுறா ஊருக்குள் வந்துவிடுகிறது. 2011இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவின் வெள்ளம் சூழ்ந்த தெருவில் காருக்குப் பக்கத்தில் நீந்தியது. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் நெடுஞ்சாலையில் நீந்தியது. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். சொன்ன சாலை வேறு, ஆண்டு வேறு. சுறா மட்டும் ஒன்றே.

முழுப் படத்தையும் கொடுத்துத் தேடினால் சாலையைத்தான் தேடுபொறி பிடித்துக்கொள்ளும். ஹூஸ்டன் செய்திகளாக வந்து குவியும். அவை படத்தை உண்மை போலவே காட்டும். இங்கே செய்ய வேண்டியது, சுறா உள்ள பகுதியை மட்டும் வெட்டித் தேடுவது. லென்ஸில் படத்தின் மூலைகளில் உள்ள பிடிகளை இழுத்து, சுறாவை மட்டும் கட்டத்துக்குள் கொண்டுவந்தால் போதும். அப்போது தென்னாப்பிரிக்கக் கடலில் கயாக் படகில் ஒருவர் போய்க்கொண்டிருக்க, பின்னால் பெரிய வெள்ளைச் சுறா வரும் படம் வந்து நிற்கும். தாமஸ் பெஷாக் என்ற கடலுயிர் ஆய்வாளர் 2003இல் எடுத்தது அது. 2005இல் ‘ஆஃப்ரிக்கா ஜியாக்ரஃபிக்’ இதழில் வெளியானது. வேடிக்கை என்னவென்றால், அந்த அசல் படத்தைத்தான் போலி என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அது உண்மையாகவே எடுத்தது என்று பெஷாக் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

நம்மூரிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் மோடி ஹெலிகாப்டரிலிருந்து பார்வையிட்டபோது, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி. ஒரு படத்தை ட்விட்டரில் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளத்தில் மூழ்கிய குடியிருப்புகள் துல்லியமாகத் தெரிந்தன. ஜன்னல் வட்டத்துக்குள் வேறொரு படம் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை ஒன்றாக இணைத்ததற்கு பி.ஐ.பி. வருத்தமும் தெரிவித்தது. ஒரு படத்தில் முன்னே இருப்பது வேறு, பின்னே இருப்பது வேறு என்று தோன்றினால் இரண்டையும் பிரித்துத் தேடுவதே முறை.

இதே இடத்தில் இன்னொரு தந்திரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேடலுக்கு அகப்படாமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். படத்தில் உள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவது போல் தலைகீழாக இருந்தால், சட்டைப் பொத்தான்களும் கைக்கடிகாரமும் வழக்கத்துக்கு மாறான பக்கம் இருந்தால், எடிட் வசதியில் ஃபிளிப் செய்துவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள்.

வீடியோவுக்கும் இதே வழி

2018ஆம் ஆண்டு தமிழ்நாடு உட்பட நாடெங்கும் குழந்தை கடத்தல் வதந்தி பரவியதை மறந்திருக்க மாட்டோம். அப்போது சுற்றிய ஒரு வீடியோவில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். அசலில், தூக்கிப் போனவர்களே திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தைகள் காணாமல் போவதைப் பற்றிய பதாகையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் யாரோ வெட்டிவிட்டார்கள். அதே வதந்தியோடு வரிசையாகக் கிடத்திய குழந்தைகளின் சடலங்கள் என்று ஒரு படமும் வந்தது. 2013இல் சிரியாவின் கூட்டா பகுதியில் நச்சுவாயுத் தாக்குதலில் இறந்த குழந்தைகள் அவர்கள். அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தைக் கடத்தல்காரர்கள் என்று நினைத்துக் கூட்டம் தாக்கியதில், சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்த ‘குற்றம்’.

வீடியோவை அப்படியே கொடுத்துத் தேட முடியாது. ஓடவிட்டு, முகமோ கட்டடமோ வண்டியோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு காட்சிகளிலிருந்து நான்கைந்து எடுத்து ஒவ்வொன்றையும் தேடினால் ஏதாவது ஒன்றில் பிடி கிடைக்கும். மூல வீடியோ கிடைத்ததும் அதன் நீளத்தை ஒப்பிட மறக்காதீர்கள். முழுப் படத்தின் கடைசிச் சில நொடிகளைப் பார்த்திருந்தால் கராச்சி வீடியோவின் கதை மாறியிருக்கும்.

ஒன்றும் கிடைக்காவிட்டால்?

தேடலில் எதுவும் வரவில்லை என்பதால் படம் உண்மையாகிவிடாது. ‘கூகுளில் போட்டுப் பார்த்தேன், பழைய படம் எதுவும் வரவில்லை, ஆகவே இது இன்றைக்கு எடுத்ததுதான்’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது தவறான வாதம். மூடிய வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்குள் சுற்றும் படங்கள் தேடுபொறியின் கண்ணுக்குத் தெரியாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் உள்ளவற்றில் பெரும்பகுதியும் அப்படியே. சில மணி நேரத்துக்கு முன் பதிவேற்றிய படத்தையும் அது இன்னும் பார்த்திருக்காது. ஒரு நாள் விட்டு மறுபடி தேடினால் கிடைப்பதுண்டு.

கணினியே வரைந்த படங்களுக்கு அசல் புகைப்படம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அவற்றுக்கும் பிறப்பிடம் உண்டு. 2023 மார்ச்சில் போப் பிரான்சிஸ் பளபளக்கும் வெள்ளைக் குளிர்ச் சட்டையில் நடந்து வரும் படத்தை உலகமே நம்பியது. ஆரம்பப் பிரதியைத் தேடிப் போனவர்கள், மிட்ஜர்னி என்ற மென்பொருளில் உருவாக்கிய படங்களை ரெடிட் தளத்தில் பகிரும் குழு ஒன்றில் போய் நின்றார்கள். அங்கே யாரும் அதைப் புகைப்படம் என்று சொல்லியிருக்கவில்லை. இன்னொரு சோதனையும் இங்கே கைகொடுக்கும். போப் தெருவில் நடந்தால் பத்துக் கேமராக்கள் பத்துக் கோணத்தில் எடுத்திருக்கும். பெரிய நிகழ்ச்சி, ஆனால் ஒரே கோணத்தில் ஒரே படம், எடுத்தவர் பெயர் இல்லை என்றால் அது சந்தேகத்துக்கு உரியது.

எல்லாம் பார்த்தும் எடுத்தவர் யாரென்று தெரியவில்லையா? அனுப்பாதீர்கள். அனுப்பாததால் யாருக்கும் நஷ்டமில்லை. தெரிந்துவிட்டதா? குழுவில் போட்ட அண்ணனையோ அத்தையையோ எல்லோர் முன்னும் குத்திக்காட்டாமல், மூலப் பக்கத்தின் இணைப்பையும் எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றையும் ஒரே வரியில் போடுங்கள்: ‘இது நா சோன் நுயென் 2007இல் வியட்நாமில் எடுத்த படம்.’ வெறுமனே ‘இது ஃபேக்’ என்று எழுதினால் வாக்குவாதம்தான் வளரும். பெயரும் ஆண்டும் ஊரும் சேர்ந்து வந்தால் மறுத்துப் பேச எதுவும் மிஞ்சாது.